பழைய வருட அரியரில் பாதிக்கு மேல் வரியாகப் போனால்

"வணக்கம் சார். குன்னூரில் ஒரு தனியார் கம்பெனி ஆபீஸில் வேலை. போன நவம்பரில் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, 2023 அக்டோபர் 1 முதல் அமல். பழைய பேசிக் 52,000, புதுசு 57,000. இன்கிரிமென்ட் ஜூலையில், பழசுல 1,500, புதுசுல 1,700. டிஏ மத்திய அரசு ரேட். 26 மாத அரியர் 2,05,656 என்று டிசம்பர் சம்பளத்தோட போட்டாங்க. ஆனா கைக்கு வந்தது 1,04,721 தான். வரி மட்டும் 76,256 பிடிச்சிருக்காங்க. அரியர் வர்றதுக்கு முன்னாடி இந்த வருஷம் உனக்கு வரியே கிடையாதுன்னு சொன்னவங்கதான் இப்ப இதைப் பிடிச்சது. மூணு வருஷமும் புது வரி முறைதான். வரி போடுற வருமானம் 23-24ல 9,40,000, 24-25ல 9,90,000. இந்த வருஷம் மொத்தச் சம்பளம், பழைய வருஷ அரியர் சேர்க்காம, 12,25,000. கணக்கு சரியா? பிடிச்சது திரும்பக் கிடைக்குமா?"

வணக்கம். கம்பெனி போட்ட அரியர் கணக்கு சரி. பிடித்த வரியும் இன்றைய சட்டப்படி பிழையில்லை. ஆனால் அந்த 76,256 ரூபாய் முழுவதையும் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் பார்த்தால் கடைசியில் உங்கள் பொறுப்பு 21,136 ரூபாய்தான், மீதி 55,120 ரூபாய் திரும்ப வர வேண்டும். அதற்கு ஒரு படிவத்தை நீங்களே போட வேண்டும், யாரும் உங்களுக்காகப் போட மாட்டார்கள். நீலகிரியில் எஸ்டேட் ஆபீஸ்களுக்கும் கம்பெனிகளுக்கும் சம்பளக் கணக்கும் வரிக் கணக்கும் பார்ப்பதே பல வருடங்களாக என் தொழில். ஒப்பந்த அரியர் வந்த வருடத்தில் இந்தப் படிவத்தைப் போடாமல் விட்டுப் பணத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 2,05,656 எப்படி வந்தது என்று பார்ப்போம். அரியர் கணக்கை ஆபீஸில் டியூ-டிரான் என்பார்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி. புதிய விகிதத்தில் வர வேண்டியது எவ்வளவு, அந்த மாதம் வாங்கியது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு என்று மூன்று கட்டம். 2023 அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். பேசிக் வித்தியாசம் 5,000. அப்போது டிஏ 46 சதவீதம், ஆகவே அதன்மேல் 2,300. அந்த மாத அரியர் 7,300. டிசம்பர் வரை இதே தொகைதான். 2024 ஜனவரியில் டிஏ 50 ஆனதும் மாத அரியர் 7,500 ஆகிறது. ஜூலையில் இன்கிரிமென்ட் வருகிறது. பழைய ஸ்கேலில் 1,500 ஏறியிருந்தது, புதியதில் 1,700 ஏற வேண்டும். ஆகவே பேசிக் வித்தியாசமே 5,200 ஆகிவிடுகிறது, டிஏயும் அதே மாதத்தில் 53 ஆகிறது. மாதம் 7,956. 2025 ஜனவரியில் டிஏ 55, அப்போது 8,060. 2025 ஜூலையில் வித்தியாசம் 5,400, டிஏ 58, அப்போது 8,532.

இதை நிதியாண்டு வாரியாகக் கூட்டினால் 2023-24இன் ஆறு மாதத்துக்கு 44,400, 2024-25இன் பன்னிரண்டு மாதத்துக்கு 94,416, இந்த வருடம் ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதத்துக்கு 66,840. மொத்தம் 2,05,656. உங்கள் கம்பெனி சொன்ன தொகையோடு ஒரு ரூபாய் மாறாமல் பொருந்துகிறது. இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. அரியரில் பேசிக்கும் டிஏயும் மட்டும்தான் இருக்கின்றன, வீட்டு வாடகைப்படி வித்தியாசம் சேரவில்லை. அது தவறு என்று சொல்லிவிட முடியாது. சம்பளத்தைப் பின்தேதியிட்டும் படிகளைக் கையெழுத்தான தேதியிலிருந்தும் திருத்துவது பரவலான வழக்கம். ஏழாவது மத்திய ஊதியக் குழுவில்கூடப் பேசிக் 2016 ஜனவரி 1 முதல் திருத்தப்பட்டது, வீட்டு வாடகைப்படி 2017 ஜூலை 1 முதல்தான் திருத்தப்பட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நகலைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். வீட்டு வாடகைப்படி பேசிக்கில் இத்தனை சதவீதம் என்று மட்டும் இருந்து, அமல் தேதி தனியாக எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால், யூனியன் மூலமாகக் கேட்டுப் பார்க்க இடமிருக்கிறது.

மாத வாரியாக இவ்வளவு பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கடைசி மாத டிஏ 58ஐயே வைத்து, 5,000 ரூபாயை 26 மாதத்துக்கு ஒரே அடியாகப் பெருக்கினால் 2,05,400 வரும். சரியான தொகைக்கு வெறும் 256 ரூபாய்தான் குறைவு, பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் அந்த வழியில் 2023-24இன் பங்கு 44,400க்குப் பதிலாக 47,400 ஆகிவிடும். வரிச் சலுகை முழுவதும் எந்த வருடத்துக்கு எவ்வளவு என்ற பிரிப்பின் மேல்தான் நிற்கிறது. ஆகவே கம்பெனியிடம் மொத்தத் தொகையைக் கேட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். மாதவாரி டியூ-டிரான் தாளைக் கையெழுத்து, முத்திரையோடு வாங்கி வையுங்கள். இடையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதம் இருந்தால் அந்த மாத வித்தியாசமும் அதே அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். சரிபார்க்கும்போது முதலில் அந்த மாதங்களைப் பாருங்கள், தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கைக்கு வந்ததில் இன்னொரு பிடித்தம் பிஎஃப். அரியரும் பேசிக், டிஏ என்பதால் அதற்கும் 12 சதவீதம், 24,679 ரூபாய் போயிருக்கிறது. அது எங்கும் போகவில்லை, உங்கள் கணக்கில் ஏறும். கம்பெனியின் பங்கும் அதற்கு ஈடாக ஏற வேண்டும், பாஸ்புக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வரிக்கு எடுத்துக்கொள்வது கைக்கு வந்த தொகையை அல்ல, பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையை. புதிய வரி முறையில் உங்கள் பிஎஃப் பங்குக்குக் கழிவும் கிடையாது. சலுகைப் படிவத்தில் வங்கியில் விழுந்த தொகையை அரியர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதினால் பார்ம் 16உடன் ஒத்துப்போகாது, சலுகையும் குறைந்துவிடும்.

இனி வரி. சம்பளம் கைக்கு வர வேண்டிய வருடம், கைக்கு வந்த வருடம், இரண்டில் எது முந்தியதோ அந்த வருடத்தில் வரி என்பது பொது விதி. 2023இல் இந்தச் சம்பளம் உங்களுக்குப் பாக்கி என்று சொல்ல எந்த ஒப்பந்தமும் இல்லை, அது பிறந்ததே 2025 நவம்பரில். ஆகவே முழு அரியரும் 2025-26 வருமானம். பழைய வருட ரிட்டர்ன்களைத் திறந்து இதைச் சேர்க்க வேண்டியதில்லை, சேர்க்கவும் கூடாது.

அரியர் இல்லாமல் உங்கள் நிலை என்ன? 12,25,000இல் நிலைக்கழிவு 75,000 போக 11,50,000. இதற்கு ஸ்லாப் படி வரி 55,000. ஆனால் இந்த நிதியாண்டில் புதிய முறையில் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ தள்ளுபடியாக 60,000 வரை கிடைக்கிறது. ஆகவே வரி பூஜ்யம். உங்களுக்கு முன்பு சொன்னது பொய்யில்லை. நடப்பு வருடத்துக்கான 66,840 இந்த 11,50,000க்குள்ளேயே அடங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள். சேர்ந்து வந்ததால் அதுவும் அரியர் போலத் தெரிகிறது, வரிச் சட்டத்தின் கண்ணில் அது இந்த வருடச் சம்பளம்தான்.

இப்போது பழைய இரண்டு வருடங்களுக்கான 44,400 + 94,416 = 1,38,816 ரூபாயைச் சேருங்கள். வருமானம் பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி 12,88,820 ஆகிறது. 12 லட்சத்தைத் தாண்டியதும் அந்த 60,000 தள்ளுபடி முழுவதும் போய்விடுகிறது. ஸ்லாப் வரி 73,323, நான்கு சதவீத செஸ் சேர்த்து 76,256. அதாவது 1,38,816 ரூபாய் வந்ததற்காக 76,256 ரூபாய் வரி, நூற்றுக்கு 55 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. முப்பது சதவீத ஸ்லாப்பில் இருக்கும் பெரிய அதிகாரிகூட அரியருக்கு இந்த அளவு கட்டுவதில்லை. பாறை விளிம்பில் நடப்பவருக்குக் கடைசி ஓரடிதான் மொத்த வித்தியாசமும் என்பது மாதிரி, 11,50,000இல் இருப்பவருக்கு அரியர் செய்கிற வேலை இது. 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர்களுக்கு, தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது என்ற பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அது ஏறத்தாழ 12,70,000 வரைதான் உதவும். நீங்கள் தாண்டியது 88,820, அது 73,323ஐ விடப் பெரிது, ஆகவே உங்களுக்கு அது கிடைக்காது.

இந்த மாதிரி நிலைக்காகத்தான் 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தில் 89ஆம் பிரிவு இருக்கிறது, கணக்குப் போடும் முறை 21ஏ விதியில் இருக்கிறது. புதிய வரி முறையில் வீட்டு வாடகைப்படி, 80சி எல்லாம் போய்விட்டதால் இதுவும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். போகவில்லை, 89 இரண்டு முறைக்கும் உண்டு. இதன் அடிப்படை எளிது. அரியரால் இந்த வருடம் கூடிய வரி எவ்வளவு? அதே அரியர் அந்தந்த வருடத்திலேயே வந்திருந்தால் அப்போது கூடியிருக்கும் வரி எவ்வளவு? முதலாவது பெரிதாக இருந்தால் வித்தியாசம் உங்களுக்குச் சலுகை.

இந்த வருடம் கூடியது 76,256 முழுவதும், ஏனென்றால் அரியர் இல்லாவிட்டால் பூஜ்யம். 2024-25இல் உங்கள் வருமானம் 9,90,000, அந்த வருட ஸ்லாப்பில் செஸ்ஸோடு வரி 50,960. அதில் 94,416ஐச் சேர்த்தால் 10,84,420, வரி 65,170. கூடியது 14,210. 2023-24இல் வருமானம் 9,40,000, வரி 53,040. அதில் 44,400ஐச் சேர்த்தால் 9,84,400, வரி 59,966. கூடியது 6,926. இரண்டு பழைய வருடங்களும் சேர்ந்து 21,136. சலுகை 76,256 கழித்தல் 21,136, அதாவது 55,120 ரூபாய்.

இங்கே இரண்டு இடத்தில் கை தவறும். ஒன்று, பழைய வருடத்துக்கு அந்த வருட ஸ்லாப்பைத்தான் போட வேண்டும். 2023-24க்கும் 2024-25க்கும் ஸ்லாப் வேறு வேறு, நிலைக்கழிவும் 50,000இலிருந்து 75,000 ஆக மாறியது. பழைய வருடத்தில் பழைய வரி முறையில் இருந்தவர் அந்த முறையிலேயே கணக்குப் போட வேண்டும், இப்போது எந்த முறை லாபமோ அதற்கு மாற்றிக்கொள்ள முடியாது. நம் ஊருக்கு இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் வாங்கும் மலைப்படியில் மாதம் 300 ரூபாய்க்கு விலக்கு இருந்தது. குன்னூர், ஊட்டி, கோத்தகிரி எல்லாம் இதில் வரும். அது பழைய முறைக்கு மட்டும்தான். பழைய முறையில் கட்டியவர்கள் ரிட்டர்னில் அதை எடுத்திருந்தார்களா என்று பார்த்து, அதன்படியே பழைய வருமானத்தை எழுத வேண்டும்.

இரண்டாவது, பழைய வருட வருமானம் என்பது பார்ம் 16இல் உள்ள எண் அல்ல, ரிட்டர்னில் கடைசியாக ஏற்கப்பட்ட எண். டெபாசிட் வட்டி, வாடகை எல்லாம் சேர்ந்தது. நீங்கள் கொடுத்த 9,40,000, 9,90,000 இரண்டும் எதிலிருந்து எடுத்தவை என்று எனக்குத் தெரியவில்லை. அதேபோல் இந்த வருடம் உங்களுக்கு வட்டி வருமானம் இருந்தால் என் கணக்கு மாறும். 50,000 வரை வட்டி இருந்தால் அரியர் இல்லாத வருமானம் 12 லட்சத்துக்குள் நிற்கும், அந்தப் பக்கம் வரி பூஜ்யமாகவே இருக்கும். அதற்கு மேல் போனால் அரியர் இல்லாமலேயே வரி வர ஆரம்பிக்கும், அந்த அளவுக்குச் சலுகை குறையும். ஆகவே 55,120 என்பது சம்பளம் மட்டுமே வருமானம் என்று வைத்துச் சொன்னது.

செய்ய வேண்டியது இதுதான். வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து e-File, அதில் Income Tax Forms, அதில் File Income Tax Forms என்று போனால் Form 10E இருக்கும். அங்கே மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று தேர்வு செய்ய வேண்டும், பணம் கைக்கு வந்த வருடத்துக்கு உரியது அதுதான். அரியர் 2023-24க்கு உரியது என்று நினைத்து அந்த வருடத்தைப் போட்டுவிடுகிறவர்கள் பலர், அப்படிப் போட்ட படிவம் எதற்கும் உதவாது. உள்ளே Annexure I தான் அரியருக்கு. அதன் Table Aயில் பழைய வருடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, வருமானம், அந்த வருட அரியர், இரண்டு வரிகள் என்று நிரப்ப வேண்டும். 66,840ஐ அங்கே எழுதாதீர்கள். நிரப்பி முடித்தால் மட்டும் போதாது, ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்துச் சமர்ப்பித்து, ஒப்புகை எண்ணைக் குறித்து வையுங்கள்.

இந்தப் படிவம் ரிட்டர்னுக்கு முன்னால் போயிருக்க வேண்டும். அதன்பிறகு ரிட்டர்னில் 89 சலுகை கட்டத்தில் அதே 55,120ஐ எழுத வேண்டும். படிவம் இல்லாமல் கட்டத்தில் மட்டும் எண்ணைப் போட்டால், பெங்களூரு மையம் 143(1) அறிவிப்பில் சலுகையை வெட்டிவிடும். அப்படி வெட்டுப்பட்டவர் உடனே 10இ போட்டு, திருத்த ரிட்டர்னுக்குக் காலம் இருந்தால் அதைப் போடுவது நல்லது. காலம் முடிந்திருந்தால் திருத்த மனு கொடுக்கலாம். சிலருக்கு அது ஏற்கப்பட்டது, சிலருக்கு மறுக்கப்பட்டது. அதை நம்பி இருக்காதீர்கள்.

கம்பெனியே முன்பே இதைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அரசு ஊழியருக்கும் கம்பெனி ஊழியருக்கும் 192(2ஏ) பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. படிவத்தின் விவரத்தை நீங்கள் முதலில் கொடுத்திருந்தால் 21,136 மட்டும் பிடித்திருக்கலாம். நீங்கள் கொடுக்காதபோது அவர்கள் தாமாகச் சலுகை தர முடியாது, ஆகவே அக்கவுண்ட்ஸ் ஆளைக் குறை சொல்ல மாட்டேன். மீதி மாதங்களில் சரிக்கட்ட முடியுமா என்றால், உங்களுக்கு மாதச் சம்பளத்தில் வேறு டிடிஎஸ்ஸே இல்லாததால் குறைப்பதற்கு ஒன்றுமில்லை. ரிட்டர்ன் மூலமாக ரீஃபண்ட் வாங்குவதுதான் வழி. ஆனாலும் 10இ நகலை மார்ச்சுக்குள் அவர்களிடம் கொடுத்து வையுங்கள், பார்ம் 16இல் அரியரும் சலுகையும் தனியாகக் காட்டப்பட்டால் பிறகு கேள்வி எழாது.

உங்களோடு வேலை செய்கிற எல்லோருக்கும் இதே அளவு சலுகை வரும் என்று சொல்லிவிடாதீர்கள். அரியர் இல்லாமலேயே 13, 14 லட்சத்தில் இருப்பவருக்குப் பழைய வருடங்களிலும் இதே அல்லது இன்னும் உயர்ந்த விகிதம் வந்திருக்கும், கணக்குப் போட்டால் சலுகை பூஜ்யமாகக்கூட வரலாம். அவருக்குப் படிவம் போட வேண்டிய கட்டாயமில்லை. மாறாக, அரியரைச் சேர்த்தும் 12 லட்சத்துக்குள் நிற்கிற இளையவருக்கு இந்த வருடம் வரியே இல்லை, சலுகைக்கும் இடமில்லை. அதிகம் அடிபடுவது 10,60,000இலிருந்து 12 லட்சம் வரை நின்று அரியரால் மேலே தள்ளப்பட்டவர்கள்தான். அந்த வட்டத்தில் உங்கள் ஆபீஸில் யார் யார் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் இன்னும் ஏதாவது தவணை பாக்கி இருந்து அது 2026 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்தால், அதற்கு 2025ஆம் வருடப் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். அரியர் சலுகை அதிலும் தொடர்கிறது, பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. டிசம்பரில் வந்த இந்தத் தொகைக்கு அது பொருந்தாது. இதற்குப் பழைய சட்டமும், மேலே சொன்ன 10இ படிவமும்தான்.